நிமிடத்துக்கு 60, மணிக்கு 2,000: ஒரு மாணவியின் கடிதமும் அதற்குள் இருந்த கணக்கும்

தண்டையார்பேட்டையிலிருந்து கல்லூரிக்குப் போய்வரும் ஒரு இறுதியாண்டு மாணவி, காற்று மாசுத் தரவை இலவசமாகத் தரும் ஒரு சேவையின் பராமரிப்பாளருக்கு எழுதிய கடிதத்தை அனுப்புவதற்கு முன்னால் எனக்குக் காட்டினார். ஆங்கிலத்தில் இருந்த அந்தக் கடிதத்தின் சாரம் இதுதான்:

“மதிப்புக்குரிய ஐயா, நான் வடசென்னையில் பிஎம் 2.5 அளவு பற்றி ப்ராஜெக்ட் செய்கிறேன். உங்கள் சேவையிலிருந்து தரவு எடுக்கும்போது அரை மணி நேரத்தில் 429 என்று வந்து நின்றுவிடுகிறது. ஒவ்வொரு அழைப்புக்கும் நடுவில் ஒரு வினாடி இடைவெளி விட்டும் இப்படி ஆகிறது. தயவுசெய்து என் கணக்குக்கு ரேட் லிமிட்டை நீக்கித் தரவும். முடியாவிட்டால் முழு டேட்டாபேஸையும் மொத்தமாக டவுன்லோட் செய்ய லிங்க் அனுப்பவும். சமர்ப்பிக்க வேண்டிய தேதி நெருங்கிவிட்டது.”

பணிவான கடிதம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதைப் படிக்கும் பராமரிப்பாளருக்கு எந்த நிலையம், எத்தனை ஆண்டு, எத்தனை அழைப்பு என்று எதுவுமே தெரியாது. அவர் திரும்ப நாலு கேள்வி கேட்டு எழுத வேண்டும். இல்லையென்றால் விதிமுறைப் பக்கத்தின் லிங்க்கை அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும்.

429 என்பது, அளவுக்கு மீறிக் கேட்கிறாய் என்று சொல்லி சர்வர் தர மறுக்கும் பதில். இத்தனைக்கும் பிரச்சினை என்ன என்பது கடிதத்திலேயே இருக்கிறது. ‘அரை மணி நேரம்’, ‘ஒரு வினாடி இடைவெளி’ என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் போதும்.

அவர் பயன்படுத்தியது ஓப்பன் ஏக்யூ. 2015-ல் தொடங்கிய, லாப நோக்கம் இல்லாத ஒரு அமெரிக்க அமைப்பு. உலகெங்கும் அரசுகளும் மற்றவர்களும் வெளியிடும் காற்றுத் தர அளவீடுகளைச் சேகரித்து, ஒரே வடிவத்துக்கு மாற்றி, ஏபிஐ வழியாக, அதாவது ஸ்கிரிப்ட்கள் நேரடியாகக் கேட்டு வாங்கும் வழியில் தருகிறது. சொந்தமாக அளப்பது அதன் வேலை இல்லை. மணலி, எண்ணூர், கொடுங்கையூர், ராயபுரம் என நம் பக்கத்து நிலையங்களை நடத்துவது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும்தான். இந்த வேறுபாடு கடைசியில் முக்கியமாக வரும்.

பதிவு செய்துகொண்டால் ஒரு சாவி கொடுப்பார்கள். ஒவ்வொரு அழைப்பிலும் அதை X-API-Key என்ற தலைப்பில் வைத்து அனுப்ப வேண்டும். இலவசச் சாவிக்கு இரண்டு வரம்பு உண்டு: நிமிடத்துக்கு 60 அழைப்பு, மணிக்கு 2,000 அழைப்பு. பலரும் முதல் வரம்பை மட்டும் பார்த்துவிட்டு, வினாடிக்கு ஒன்று அனுப்பினால் சரி என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். வினாடிக்கு ஒன்று என்றால் மணிக்கு 3,600. இரண்டாவது வரம்பான 2,000-ஐ அது 33 நிமிடம் 20 வினாடியில் தொட்டுவிடும். மாணவி ‘அரை மணி நேரம்’ என்றது இதைத்தான். சர்வருக்கு ஒன்றும் ஆகவில்லை, நெட்டும் சரியாகத்தான் இருந்தது. நிமிட வரம்பை ஒழுங்காக மதித்த ஸ்கிரிப்ட், மணி வரம்பில் போய் முட்டியிருக்கிறது. மணிக்கணக்கில் தொடர்ந்து ஓட வேண்டிய வேலை என்றால் இடைவெளி ஒரு வினாடி போதாது. 3,600-ஐ 2,000-ஆல் வகுத்தால் 1.8 வரும். கொஞ்சம் தாராளமாக இரண்டு வினாடி வைத்துக்கொண்டால் முட்டவே முட்டாது.

இப்படி எதற்கு இரண்டு வரம்பு? நிமிட வரம்பு, ஒரே நேரத்தில் வந்து குவியும் கூட்டத்தைத் தடுக்க. மணி வரம்பு, நிதானமாகவே வந்தாலும் நாள் முழுக்க விடாமல் இழுக்கிற ஒருவரைத் தடுக்க. பின்னால் இருப்பது பல நாடுகளின் பல ஆண்டு அளவீடுகள் குவிந்து கிடக்கும் ஒரு டேட்டாபேஸ். அதில் ஒரு கேள்வியைத் தேடி எடுக்க ஆகும் வேலை, பதிலில் எத்தனை வரி வருகிறது என்பதோடு நின்றுவிடுவதில்லை. இருபத்து நாலு வரி கேட்டாலும் எழுநூறு வரி கேட்டாலும் சாவியைச் சரிபார்ப்பது, இணைப்பைத் திறப்பது, அட்டவணையில் இடத்தைக் கண்டுபிடிப்பது எல்லாம் ஒரே மாதிரி நடக்கும். தெருவில் மெட்ரோ வாட்டர் லாரி வந்து நிற்கும்போது குடத்தை விட்டுவிட்டு டம்ளரோடு போய் நூறு தடவை வரிசையில் நின்றால் எப்படி இருக்கும்? தண்ணீர் அதேதான், வரிசைதான் நகராது.

மாணவியின் ஸ்கிரிப்ட் டம்ளரோடுதான் போயிருந்தது. அதைத் திறந்து பார்த்தபோது தெரிந்தது. நாலு நிலையம், 2021 முதல் 2024 வரை நாலு ஆண்டு. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு அழைப்பு. நாலு ஆண்டு என்றால் 1,461 நாள், நாலு நிலையத்துக்கு 5,844 அழைப்பு. ஒவ்வொன்றுக்கும் பதிலாக 24 வரி. வினாடிக்கு ஒன்று வீதம் போனால் முதல் மணியில் 2,000, அடுத்த மணியில் 2,000, மீதி 1,844. தடையை மதித்துக் காத்திருந்தால்கூட இரண்டரை மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் ஸ்கிரிப்ட் காத்திருக்கவில்லை என்பதுதான் விவகாரம். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

அந்த சேவையில் ஒரு அழைப்புக்கு அதிகபட்சம் 1,000 வரி கேட்கலாம். limit என்று ஒன்று இருக்கிறது, சொல்லாவிட்டால் 100. மணிக்கு ஒரு அளவு என்றால் 31 நாள் மாதத்துக்கு 744 வரி. ஆக ஒரு மாதம் முழுவதும் ஒரே அழைப்பில் அடங்கிவிடும். நாலு ஆண்டுக்கு 48 மாதம், நாலு நிலையத்துக்கு 192 அழைப்பு. வினாடிக்கு ஒன்று என்றால் மூன்றேகால் நிமிடத்தில் முடிந்தது. மணி வரம்பில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை.

“அப்ப லிமிட்டை ஏத்தித் தரச் சொல்லவே தேவையில்லையா அண்ணா?” என்று கேட்டார். தேவையில்லை. முழு டேட்டாபேஸும் தேவையில்லை. கடிதத்தில் இருந்த இரண்டு கோரிக்கையும் இந்தப் பெருக்கல் கணக்கோடு விழுந்துவிட்டன.

மாதம் மாதமாக ஏன், ஒரே கேள்வியாகக் கேட்டு 1,000 வரியாகப் பக்கம் புரட்டினால் அழைப்பு இன்னும் குறையுமே என்று தோன்றும். கணக்குப்படி உண்மைதான். 35,064 மணி நேரத்தை 36 பக்கத்தில் எடுத்துவிடலாம். ஆனால் பக்க எண் கொடுத்துப் புரட்டும்போது, 30-வது பக்கத்தைத் தர டேட்டாபேஸ் முதல் 29,000 வரியை எண்ணித் தாண்டி வர வேண்டியிருக்கும். ஆழமாகப் போகப் போக பதில் மெதுவாகி, ஒரு கட்டத்தில் நேரம் முடிந்தது என்று பிழை வரலாம். அப்போது எந்தப் பக்கம் வந்தது, எது வரவில்லை என்று தேடுவது இன்னொரு வேலை. மாதக் கணக்கில் பிரித்தால் ஒவ்வொரு அழைப்பும் தனித்து நிற்கும். 2023 ஆகஸ்ட் தவறினால் அந்த ஒன்றை மட்டும் மறுபடி கேட்கலாம்.

அழைக்கும் முகவரியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இந்த சேவையின் பழைய இரண்டு பதிப்புகளையும் 2025 ஜனவரி 31-ல் மூடிவிட்டார்கள். சீனியர்கள் விட்டுப்போன ஸ்கிரிப்ட்களில் /v2/ என்று இருந்தால் அது இனி எந்த வேகத்தில் ஓடினாலும் வேலை செய்யாது. இப்போது /v3/ மட்டும்தான். அதில் அமைப்பே வேறு: ஒரு நிலையம், அதற்குள் பல சென்சார், ஒவ்வொரு சென்சாருக்கும் தனி எண். பிஎம் 2.5-க்கு ஒன்று, பிஎம் 10-க்கு ஒன்று, சல்பர் டை ஆக்சைடுக்கு ஒன்று. முதலில் நிலையங்களைத் தேடி, அதிலிருந்து சென்சார் எண்ணை எடுக்க வேண்டும். மணலியை மையமாக வைத்து 12 கிலோமீட்டர் சுற்றளவில் பிஎம் 2.5 அளக்கும் நிலையங்களைக் கேட்பது இப்படி:

```
curl -G "https://api.openaq.org/v3/locations" \
  -H "X-API-Key: $KEY" \
  --data-urlencode "coordinates=13.16,80.26" \
  --data-urlencode "radius=12000" \
  --data-urlencode "parameters_id=2" \
  --data-urlencode "limit=100"
```

இந்த ஒரே அழைப்பின் பதிலை நிதானமாக உட்கார்ந்து படிப்பது நல்லது. மணலி என்ற பெயரில் இரண்டு அரசு நிலையம் உண்டு. ஒன்று மத்திய வாரியத்துடையது, இன்னொன்று ‘மணலி கிராமம்’ என்ற பெயரில் மாநில வாரியத்துடையது. இரண்டும் வேறு வேறு இடம். அப்புறம், ஒரே நிலையத்தின் தரவு வரும் வழி மாறியிருந்தால் பழையதும் புதியதும் தனித்தனி எண்ணில் பதிவாகியிருக்கலாம். ஒவ்வொன்றிலும் datetimeFirst, datetimeLast என்று இரண்டு தேதி இருக்கும். இந்த எண்ணில் தரவு எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது வந்தது என்பதை அவை சொல்லும். அவற்றைப் பார்க்காமல் பெயரை மட்டும் நம்பி 48 மாதம் கேட்டால், பாதி மாதங்கள் காலியாக வரும். நிலையம் வேலை செய்யவில்லை என்று ப்ராஜெக்டில் எழுதிவிடுவார்கள்.

தேதியைக் கொடுப்பதில் இந்தியாவுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. மாணவியின் ஆய்வில் முக்கியமான நாள் போகி. விடியற்காலை நாலு மணிக்கு மேல் வடசென்னையில் தெருத்தெருவாக பாய், டயர், பழைய துணி என்று எரியும் புகை சென்சாரில் எப்படி ஏறி எப்படி இறங்குகிறது என்று பார்ப்பதுதான் அவர் தலைப்பு. 2024-ல் போகி ஜனவரி 14. நம் ஊரில் காலை 5 மணி என்பது உலகப் பொது நேரத்தில் முந்தைய நாள் இரவு 11.30. ‘ஜனவரி 14’ என்பதைப் பொது நேரத்தில் கேட்டால், நமக்குக் காலை 5.30 ஆகும்போதுதான் அந்த நாளே தொடங்கும். புகை மண்டும் நேரம் முந்தைய நாளில் போய்ச் சேர்ந்துவிடும். போகியன்று காற்று பரவாயில்லை, 13-ந் தேதி இரவுதான் மோசம் என்று ஒரு வேடிக்கையான முடிவு வரும்.

சரி, +05:30 என்று சேர்த்துவிடலாமே என்றால், அங்கேயும் ஒரு சிக்கல். இணைய முகவரியில் + குறி அப்படியே போனால் மறுமுனையில் அது இடைவெளியாகப் படிக்கப்படும். தேதி புரியவில்லை என்று 422 பிழை வரும், அல்லது தப்பாகப் புரிந்துகொள்ளப்படும். %2B என்று மாற்றி அனுப்ப வேண்டும். மேலே curl-ல் --data-urlencode போட்டது இதற்கும் உதவும். பைத்தானில் params என்று கொடுத்தால் அதுவே மாற்றிக்கொள்ளும். கையால் முகவரியை ஒட்டி ஒட்டிக் கட்டுகிறவர்கள்தான் மாட்டுவார்கள். பதிலில் ஒவ்வொரு வரியிலும் பொது நேரம், உள்ளூர் நேரம் இரண்டும் வரும். உள்ளூர் நேரத்தை எடுத்துக்கொண்டால் போதும், கூட்டிக் கழிக்க வேண்டாம்.

இனி, காத்திருக்காத ஸ்கிரிப்ட். மாணவி “நின்றுவிடுகிறது” என்று எழுதியிருந்தார். உண்மையில் அது நிற்கவில்லை. முதல் 2,000 அழைப்புக்கு அப்புறமும் ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஒவ்வொரு முறையும் 429 என்ற பதிலை வாங்கி, அதில் results என்ற பகுதி இல்லாததால் ‘தரவு இல்லை’ என்று ஒரு காலி வரியை சிஎஸ்வி ஃபைலில் எழுதிவிட்டு அடுத்த நாளுக்குப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த மணி வரம்பு புதுப்பிக்கப்பட்டதும் மறுபடி நிஜத் தரவு வரத் தொடங்கியிருக்கிறது. நாலு ஆண்டு அட்டவணையில் நடுவில் பெரிய ஓட்டை விழுந்து, அதற்கு மேலும் கீழும் தரவு இருந்தது அதனால்தான்.

இதைத்தான் நான் இந்தக் கடிதத்தின் ஆபத்தான பகுதி என்று நினைக்கிறேன். வேகம் குறைவது தொந்தரவு, அவ்வளவுதான். பிழையைத் தரவாக எழுதிவைப்பது ஆய்வையே கெடுத்துவிடும். அந்த ஓட்டையைப் பார்க்கிற யாருக்கும், மணலி சென்சார் பல மாதம் பழுதாகியிருந்தது போலத்தான் தோன்றும். கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. நிஜமாகவே சென்சார் ஓய்ந்திருந்தால் காலி இடங்கள் கண்டபடி சிதறியிருக்கும்: ஒரு நாள் மதியம் மூன்று மணி நேரம், வேறொரு வாரம் இரண்டு நாள் என்று. ஸ்கிரிப்ட் செய்த ஓட்டை சரியாக 2,000-வது அழைப்புக்கு அடுத்துத் தொடங்கும். நிலையம் மாறினாலும் அழைப்பு வரிசையில் அதே இடத்தில்தான் இருக்கும். சர்வர் 200 என்று சொல்லி காலிப் பட்டியல் தருவது ஒன்று, 429 என்று சொல்லித் தர மறுப்பது இன்னொன்று. இரண்டையும் ஃபைலில் வேறு வேறாக எழுதிவைக்க வேண்டும்.

திருத்தம் ஒன்பது வரிதான்:

```
while True:
    r = requests.get(url, headers=h, params=p, timeout=60)
    if r.status_code == 429:
        wait = int(r.headers.get("x-ratelimit-reset", 60))
        time.sleep(wait + 1)
        continue
    r.raise_for_status()
    rows = r.json()["results"]
    break
```

ஒவ்வொரு பதிலின் தலைப்பிலும் வரம்பு எவ்வளவு, மீதி எவ்வளவு, எத்தனை வினாடியில் புதுப்பிக்கப்படும் என்பதெல்லாம் வந்துகொண்டேதான் இருக்கும். x-ratelimit-remaining என்ற எண்தான் அந்த மீதி. 429 வந்த பிறகு தொடர்ந்து தட்டிக்கொண்டிருப்பது ஸ்கிரிப்ட்டுக்கும் பயனில்லை, சாவிக்கும் நல்லதல்ல. வரம்பை மீறிக்கொண்டே இருக்கும் சாவியை எந்த சேவையும் முடக்கும். url என்ற இடத்தில் /v3/sensors/ அடுத்து சென்சார் எண், அடுத்து /hours. p-யில் datetime_from, datetime_to, limit. மாதக் கடைசி மணி அடுத்த மாத அழைப்பிலும் வந்து இரட்டிப்பாகலாம் என்பதால், எல்லாவற்றையும் சேர்த்த பிறகு ஒரே நேரம் கொண்ட வரிகளில் ஒன்றை நீக்கிவிட வேண்டும்.

ப்ராஜெக்ட் குழுவில் நாலு பேர் இருப்பார்கள். ஒரே சாவியை நாலு லேப்டாப்பில் போட்டால் 2,000-ஐ நாலு பேரும் பங்கு போட வேண்டும். ஒருவர் ஓட்டியது இன்னொருவருக்கு 429 ஆக வரும், காரணமே புரியாது. அதற்காக ஒருவரே நாலு மெயில் ஐடியில் நாலு சாவி வாங்கி வேலையைப் பிரித்து ஓட்டுவதும் நடக்கிறது. இதில் எனக்கு உடன்பாடு இல்லை. 192 அழைப்பில் முடியும் வேலைக்கு அது தேவையும் இல்லை. ஒருவர் எடுத்து ஃபைலாக வைத்து மற்றவர்களுக்குக் கொடுத்தால் முடிந்தது. கிராஃப் நிறம் மாற்றுவதற்கெல்லாம் மறுபடி சர்வரிடம் போகக் கூடாது.

மொத்தமாக எடுப்பது எப்போது நியாயம்? இதே மாணவி நாளைக்கு வடசென்னையை விட்டுவிட்டு இந்தியா முழுவதையும் எடுக்கப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். 500 நிலையம், ஒவ்வொன்றிலும் ஆறு மாசுப் பொருள், 48 மாதம் என்றால் 1,44,000 அழைப்பு. மணிக்கு 2,000 என்றால் 72 மணி நேரம், மூன்று நாள் இரவு பகலாக. விதிக்குள்தான் இருக்கிறது, ஆனால் செய்யக் கூடாத வேலை. இதற்காகவே ஓப்பன் ஏக்யூ தன் பழைய தரவு முழுவதையும் அமேசானின் பொதுத் தரவுக் கிடங்கில் ஃபைல்களாக வைத்திருக்கிறது. அதற்குச் சாவி வேண்டாம், அமேசான் கணக்கும் வேண்டாம். ஒரு நிலையம், ஒரு நாள், ஒரு சுருக்கிய சிஎஸ்வி ஃபைல்:

```
aws s3 cp --no-sign-request --recursive \
  s3://openaq-data-archive/records/csv.gz/locationid=ID/year=2024/month=01/ ./data
```

ID என்ற இடத்தில் நிலையத்தின் எண். கவனிக்க, இங்கே சென்சார் எண் போட்டால் வேறு ஊர் வந்துவிடும். மாணவி “லிங்க் அனுப்பவும்” என்று கெஞ்சிக் கேட்டது இதைத்தான். யாரிடமும் கேட்காமலே கிடைக்கும், ஆவணத்தில் விளக்கமாக எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவருடைய வேலைக்கு இது அவ்வளவு பொருத்தம் இல்லை. நாலு நிலையத்துக்கு நாலு ஆண்டு என்றால் இங்கேயும் 5,844 குட்டி ஃபைல். அவற்றில் எல்லா மாசுப் பொருளும் கலந்திருக்கும், மணிச் சராசரி போட்டிருக்காது, அளவீடுகள் வந்தபடியே இருக்கும். நேற்றைய தரவும் இருக்காது, கிடங்குக்குப் போய்ச் சேரச் சில நாள் ஆகும். சராசரி போட்டுத் தயாராக வேண்டும், நிலையம் குறைவு என்றால் ஏபிஐ. நிறைய நிலையம், நிறைய ஆண்டு, சராசரியை நாமே போட்டுக்கொள்வோம் என்றால் கிடங்கு.

எந்த வழியில் எடுத்தாலும் எண்கள் மூலத்தில் வந்தபடிதான் இருக்கும். -999 போன்ற மதிப்பு, பத்து மணி நேரம் அசையாமல் ஒரே எண், இதையெல்லாம் நாம்தான் சலிக்க வேண்டும். மணிச் சராசரியில் percentComplete என்று ஒரு எண் கூடவே வரும். அந்த மணிக்குள் எதிர்பார்த்த அளவீட்டில் எத்தனை சதவீதம் வந்தது என்பது அது. போகி விடியற்காலையில் 25 சதவீதம் என்று இருந்தால், அந்த மணியின் சராசரி ஒரு கால் மணி நேரத்து எண்ணாகவே இருக்கலாம். இந்தியாவில் பிஎம் 2.5-க்கான 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். ஓட்டை விழுந்த நாளின் சராசரியை அதோடு ஒப்பிட்டு ‘மீறியது, மீறவில்லை’ என்று தீர்ப்புச் சொன்னால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அதில்தான் வரும்.

இதெல்லாம் ஆன பிறகு பராமரிப்பாளரிடம் கேட்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா? இருக்கிறது, அவரால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய ஒன்று. சரியாக எடுத்த தரவிலும் சில நாட்கள் காலியாக இருந்தால், நிலையத்திலேயே தரவு உருவாகவில்லையா, அல்லது வாரியம் வெளியிட்டும் சேவை அதைச் சேகரிக்கத் தவறிவிட்டதா? 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. நிலையமும் மின்சாரத்தில் ஓடுவதுதான். அந்த மாதிரி நாளில் வரும் ஓட்டை முதல் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். வெயில் அடிக்கும் ஏப்ரலில், எல்லா இந்திய நிலையமும் ஒரே நேரத்தில் காலி என்றால் இரண்டாவது வகை. கேட்பதற்கு முன்னால் நாமே பாதி சரிபார்க்கலாம். மத்திய வாரியத்தின் தளத்தில் நிலையத்தையும் தேதியையும் தேர்ந்தெடுத்து அறிக்கை எடுக்க முடியும். அங்கே தரவு இருந்து இங்கே இல்லையென்றால் ஓட்டை வழியில் விழுந்தது. இரண்டு இடத்திலும் இல்லையென்றால் நிலையத்தில் விழுந்தது, அதை ஓப்பன் ஏக்யூவிடம் கேட்டுப் பயனில்லை, வாரியத்திடம்தான் கேட்க வேண்டும்.

மாணவி கடிதத்தைத் திருத்தி எழுதினார். தமிழில் சொன்னால் இப்படி:

“வணக்கம். நான் சென்னையில் படிக்கும் இறுதியாண்டு மாணவி. வடசென்னையில் நாலு நிலையங்களின் பிஎம் 2.5 மணிச் சராசரியை 2021 முதல் 2024 வரை எடுத்து, போகி நாட்களை ஒப்பிடுகிறேன். சென்சார் எண்களை இணைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒரு அழைப்பு வீதம் மொத்தம் 192 அழைப்பு, இரண்டு வினாடிக்கு ஒன்று, ஒரு முறைதான் எடுத்தேன். சாவி இந்த மெயில் ஐடியில் பதிவானது. முன்பு ஒருமுறை என் ஸ்கிரிப்ட் மணி வரம்பைத் தாண்டி ஓடியது, அதைத் திருத்திவிட்டேன்.

இணைத்த பட்டியலில் உள்ள தேதிகளில் வாரியத்தின் தளத்தில் தரவு இருக்கிறது, உங்களிடம் இல்லை. இவை பிறகு நிரப்பப்படுமா? நிரப்பினால் அமேசான் கிடங்கில் உள்ள பழைய ஃபைல்களும் மாறுமா, அல்லது ஏபிஐ மட்டுமா? ப்ராஜெக்டில் உங்கள் சேவையையும் மூல வாரியங்களையும் குறிப்பிடுகிறேன்.”

ரேட் லிமிட் பற்றி இதில் கேள்வியே இல்லை. ஸ்கிரிப்ட் வரம்பைத் தாண்டியதைத் தானே சொல்லிவிடுவது பலருக்குத் தயக்கமாக இருக்கும். ஆனால் பராமரிப்பாளரிடம் பதிவேடு இருக்கிறது, அந்தச் சாவிக்கு எதிரே ஆயிரத்துக்கும் மேற்பட்ட 429 இருப்பதை அவர் எப்படியும் பார்ப்பார். அடுத்த முறை நிஜமாகவே அதிக வரம்பு தேவைப்பட்டாலும் இதே வடிவம்தான்: எத்தனை சென்சார், எந்தக் காலம், எத்தனை அழைப்பு, எந்த வேகத்தில், எத்தனை நாளைக்கு, கிடங்கு ஃபைல் ஏன் போதவில்லை. கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத கோரிக்கையைப் பரிசீலிக்க அவருக்கு ஒரு காரணமும் இருக்காது.

பட்டியலை அவர் நாலு பத்தியாகப் போட்டார்: சென்சார் எண், எப்போதிலிருந்து, எப்போது வரை, வாரியத் தளத்தில் உண்டா இல்லையா. நேரம் எல்லாம் +05:30 என்று போட்டு, பக்கத்திலேயே பொது நேரத்தையும் எழுதினார். ‘இல்லை’ என்று வந்த வரிகளைக் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டு, மாநில வாரியத்துக்கு எழுத வேண்டியவை என்று தனி ஃபைலில் வைத்துக்கொண்டார்.